ஊசி போட்ட கை

"ஏம்மா, உனக்கு எந்த ஷிப்ட்டு?"

அஸ்வின் ஒருமுறை இப்படிக் கேட்டான். அப்போது அவன் யூ.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஜெனரல் ஷிப்ட், பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேணு மாமாவுக்குக்கூட காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டு உண்டு. நெய்வேலியில் பிறந்த பிள்ளைக்கு ஷிப்ட் இல்லாத மனிதர் ஒருவர் இருப்பார் என்று எப்படித் தோன்றும்? எழில்மதி சிரித்துக்கொண்டே, "எனக்கு மூணு ஷிப்ட்டும் நான்தாண்டா" என்றாள். பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப உனக்கு லீவு?" என்றான். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது.

இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. அக்கா யாழினி ஐந்தாம் வகுப்பு. எழில்மதிக்கு அந்தச் சிரிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது.

அவள் பிறந்தது முத்தாண்டிக்குப்பம். வாழ்க்கைப்பட்டது வடக்குத்து. கணவன் அறிவுச்செல்வனுக்கு மைன்ஸில் வேலை பெர்மனன்ட் ஆன பிறகு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட, மாமனார் பழனிவேலும் இவர்களோடு வந்தார். ஒரு காலத்தில் நாலு பேர் வேலையைத் தனியாகச் செய்த மனிதர். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கூடவே சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு. அதையும் ஊட்டித்தான் விட வேண்டும். பெற்ற மகள் செய்வதுபோல எழில்மதி செய்தாள். அவரும் ஒரு வாய் வாங்கும்போதெல்லாம், "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். ஒவ்வொரு வாய்க்கும் கேட்பார். அது அவருடைய மறதியா அன்பா என்று அவள் ஆராய்ந்ததில்லை.

இதற்கிடையில் மாவு வியாபாரம். காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவாள். பிற்பகலில் கிரைண்டரில் அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால், மறுநாள் விடியும்போது மாவு புளித்து உப்பியிருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பக்கெட், பின்னால் ஒரு பக்கெட் வைத்துக்கொண்டு கிளம்புவாள். நாலைந்து பிளாக்கில் வாடிக்கை வீடுகள். மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடை. எழிலு மாவில் சுட்ட இட்லி ஆறினாலும் கல்லாகாது என்று பெயர். அந்தப் பெயரை அவள் எவரிடமிருந்தும் வாங்கவில்லை. அவளே அரைத்து எடுத்தது.

குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச் சுவர். அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாள் வீடு. அவள் கணவர் சிங்காரவேலுக்கும் சர்க்கரை. பிற்பகலில் சற்றுக் கண்ணயர்கிற மனிதர். கிரைண்டர் சத்தம் சுவர் வழியே போய் அவர் தலைமாட்டில் சுற்றுகிறது என்று கஸ்தூரியம்மாள் சண்டைக்கு வந்தாள். "மாவு அரைக்கிறியா, எங்க மண்டைய அரைக்கிறியாடி?" என்று வாசலில் நின்று கேட்டாள். எழில்மதியும் விடவில்லை. "உங்க வூட்டு டி.வி.ல அழுவுற சத்தத்துக்கு என் மாவே புளிச்சிப் போவுது" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆறு மாதமாகக் கொடியில் துணி காயப்போடும்போதுகூட இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு காயப்போட்டார்கள்.

அந்த ஜூன் மாதக் காலையில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. இரவு வெக்கையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டால் புளிப்பேறிவிடும். டிபன் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். வேன் டயர் பஞ்சர், பிள்ளைகளை நீங்களே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று வேணு போன் செய்தான். யாழினிக்கு அன்று பிரேயரில் பேச்சு. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அஸ்வின் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொரு சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தான்.

எழில்மதி மாமனாருக்கு ஊசியைப் போட்டுவிட்டாள். தட்டில் இட்லியை வைத்துத் திரும்புவதற்குள் யாழினி, "அம்மா, பெல் அடிச்சுடுவாங்கம்மா" என்று அழ ஆரம்பித்தாள்.

நைட் ஷிப்ட் முடித்து வந்த அறிவுச்செல்வன் அப்போதுதான் குளித்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "நீ கெளம்பு எழிலு. அப்பாவுக்கு நான் ஊட்டிக்கறேன்" என்றான்.

"ஊசி போட்டாச்சுங்க. உடனே குடுக்கணும்."

"தெரியும்மா. நாந்தான் ஊட்டறேன்னு சொல்றேனே. நீ போ."

அவள் போனாள். அவன் பொறுப்பாகத்தான் சொன்னான், மனதாரத்தான் சொன்னான். சட்டை மாட்டிக்கொள்ள உள்ளறைக்குப் போனவன், ஃபேனுக்கு அடியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தான். இரவெல்லாம் கண் விழித்த உடம்புக்கு ஒரு நிமிஷம் என்பதே கிடையாது. மூடி போட்ட இட்லித் தட்டு சமையல் மேடையிலேயே இருந்தது.

எழில்மதி பிள்ளைகளை இறக்கிவிட்டு, பாதி வீடுகளுக்கு மாவு ஊற்றி முடித்தபோது போன் வந்தது. "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, வா" என்றான் அறிவுச்செல்வன். குரலே அவனுடையதாக இல்லை. ஒரு வீட்டு வாசலில் பக்கெட்டை அப்படியே வைத்துவிட்டுப் பறந்தாள்.

பின்கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பழனிவேலின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். "முழுங்குங்க பெரியவரே. ஆங், முழுங்குனாத்தான் அடுத்தது" என்று ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று பார்த்தே அடுத்ததைக் கொடுத்தாள். அவர் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை.

"லோ சுகரு" என்றாள் கஸ்தூரியம்மாள், எழில்மதியின் முகத்தைப் பார்க்காமலேயே. "ஆட்டோ சொல்லியாச்சு. இவரு கண்ணு லேசா தெளியுது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. மறுபடி எறங்கும்."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் மருமகளை அடையாளம் கண்டு, "பசங்க ஸ்கூலுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். நினைவு இருக்கும்போதே யாரோ சர்க்கரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். "ஊசி போட்டவங்க சாப்பாடு குடுத்ததுக்கு அப்பறம்தான் நகரணும். அவ்ளோதான் விஷயம்" என்றும் சொன்னார். சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் நாத்தனார் சண்முகப்பிரியா காத்திருந்தாள். அறிவுச்செல்வனுக்கு மூத்தவள். பண்ருட்டியில் முந்திரிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். தம்பி போனில் சொன்ன அரைகுறைச் சேதியைக் கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். அப்பாவைத் தொட்டுத் தடவி அழுது முடித்ததும் எழில்மதி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி எழிலு, ஊசியைப் போட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டியாமே. மாவுதான் பெரிசா பூட்டுச்சா உனக்கு?"

"இல்ல அண்ணி, இவரு ஊட்டறேன்னு சொன்னாரு. அதை நம்பித்தான் நான் கெளம்புனேன்."

"ராத்திரி பூரா மைன்ஸுல வேகுறவன். வந்ததும் வராததுமா அவன் தலையில கட்டுவியா நீ? பழியையும் அவன் மேலயே போடுறியா?" தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, நீ சொன்னியா?"

எழில்மதி அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாக்கா என்று சொன்னால் போதும்.

அறிவுச்செல்வன் அப்பாவின் கால்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்லக்கா. தூக்கக் கலக்கம்" என்றான்.

எழில்மதியின் காதுக்குள் கிரைண்டர் ஓடியது. ஞாபகம் இல்லையா? தெரியும்மா, நீ போ என்று சொன்ன வாய்தானே அது? பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாருக்கு எப்போது எந்த மாத்திரை, யாருக்கு எந்தச் சட்டை, யாருக்கு எந்த நாள் பரீட்சை என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பவள் அவள். ஒரே ஒரு காலையில், ஒரே ஒரு வாக்கியம், அது இவனுக்கு ஞாபகம் இல்லை. அவளுக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தைகள் வந்தன. வந்தவை எல்லாம் பெரியவர் கேட்கக்கூடாத வார்த்தைகள். சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை எடுத்து, காரணமே இல்லாமல் தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம். மேடை மூலையில் அந்த இட்லித் தட்டு மூடியபடியே இருந்தது. காய்ந்து விறைத்த இட்லி. சுவரில் இருந்த முருகன் படத்துக்கு அன்று விளக்கேற்றவில்லை. "நீயும் பாத்துக்கினுதானே இருந்த. நீயாவது சொல்லு" என்று படத்தைப் பார்த்து வாய்க்குள் சொன்னாள். கோபத்தில் சொன்னாலும் சாமியிடம் சொன்னது வீண் போகாது என்று நம்புகிறவள் அவள். அன்று அந்த நம்பிக்கையும் வரவில்லை.

கூடத்தில் சண்முகப்பிரியா முடிவே செய்துவிட்டாள். "இனிமே மாவு கீவு ஒண்ணும் வேணாம். அந்தக் கிரைண்டர நான் பண்ருட்டிக்கு எடுத்துனு போறேன். எங்க வூட்டுல கெடக்கட்டும். வூட்டுல ஒரு பெரிய மனுசன் கெடக்கும்போது ஊர் ஊரா மாவு ஊத்தினு திரியறாளாம். நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"விடுக்கா. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெக்கட்டும்" என்றான் அறிவுச்செல்வன்.

நிறுத்தி வைக்கட்டும். அவன் குரலில் சமாதானம் செய்கிற பெரிய மனுஷத்தனம்கூட இருந்தது. எழில்மதி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"கிரைண்டர் மேல யாரு கைய வெக்கறீங்கன்னு பாக்கறேன்" என்றாள்.

"பாத்தியாடா? வாயைப் பாத்தியாடா?" என்று சண்முகப்பிரியா எழுந்தாள்.

அப்போதுதான் பின்பக்கம் வழியாகக் கஸ்தூரியம்மாள் வந்தாள். கையில் ஒரு தூக்கு. ஆறு மாதமாக இந்த வீட்டு நிலைப்படியை மிதிக்காதவள், அன்று மட்டும் இரண்டாவது தடவை.

"பெரியவருக்கு ரவைக் கஞ்சி. உப்புதான், இனிப்பு இல்ல" என்று தூக்கை ஸ்டூலில் வைத்தாள். திரும்பியவள் நின்றாள். "நான் சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்லாம போனா ராத்திரி சோறு எறங்காது. தம்பி, காலையில நீதாம்ப்பா சொன்ன. ‘நாந்தான் ஊட்டறேன்னு சொல்றேனே, நீ போ’ன்னு. அந்தச் செவுத்துல கிரைண்டரு மட்டுமா கேக்குது? எல்லாந்தான் கேக்குது. அப்பறம் ரொம்ப நேரம் உன் சத்தமே இல்ல. பெரியவரு எழிலு, எழிலுன்னு கூப்புடறாரு. நாலு தடவ கேட்டுட்டுத்தான் நான் உள்ள வந்தேன், உன்னையும் எழுப்புனேன்."

கட்டிலில் இருந்து பழனிவேல், "எழிலு சாப்ட்டாளா?" என்று கேட்டார்.

சண்முகப்பிரியா தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் கறுத்துக் கிடந்தது. அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. அப்பாவை நினைத்துப் பதறியவள், பதற்றத்தில் கைக்கு எட்டியவளைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?" என்று மட்டும் சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பும்போது எழில்மதியின் கையில் ஒரு பொட்டலம் முந்திரியைத் திணித்துவிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் போனாள்.

எழில்மதி கஸ்தூரியம்மாள் பின்னாலேயே பின்முற்றம் வரை ஓடினாள். "கஸ்தூரிம்மா, நீங்க மட்டும் இல்லன்னா..."

"அதெல்லாம் வேணாம் போ" என்றாள் கஸ்தூரியம்மாள். "எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு தடவ இப்படித்தான் ஆச்சு. அதான் தெரிஞ்சுது. உன் கிரைண்டரு இன்னமும் எனக்குத் தலவலிதான், அத ஞாபகம் வெச்சுக்கோ." கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மை வெளியே வந்துவிட்டது, கோபம் போகவில்லை. கோபம் என்பது அப்படிச் சொன்ன உடனே எழுந்து போகிற விருந்தாளி இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். மாமனாருக்கு ஊசி போட்டு, கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். கணவனுக்குத் தட்டு வைக்கவில்லை.

அவனே சமையலறைக்கு வந்தான். "பயந்துட்டேன் எழிலு" என்றான். "என் தூக்கத்துல அப்பா போயிருப்பாருன்னு நெனச்சதும் எனக்கு ஒண்ணுமே ஓடல. அக்கா கேட்டப்ப வாய் வரல."

"பயந்தது நீ. பழி எனக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை. அவனுக்கு அது அறைந்தது போலிருந்தது. அவளுக்கும் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை.

"தூங்கிட்ட. மனுசன்தானே, தூங்கிட்ட. அதுக்கு நான் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன். என் முன்னாடி நின்னுக்கினு ஞாபகம் இல்லன்னு சொன்ன பாரு, அதத்தான் என்னால முழுங்க முடியல. பக்கத்து வூட்டுக்காரம்மா, ஆறு மாசமா என்னோட பேசாதவங்க, அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. கூடவே படுத்து எழுந்திரிக்கிறவனுக்கு இல்ல."

அவள் மூச்சு வாங்கினாள்.

"எங்கிட்டயும் தப்பு இருக்கு" என்றாள், குரல் தணியாமலேயே. "ஊசி ஒரு கையில, சோறு ஒரு கையில இருக்கக் கூடாது. ஊட்டறேன்னு நீ சொன்னப்பவே ஊசியையும் உங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கணும். நான் அவசரத்துல போட்டேன். டாக்டரு அதத்தான் சொன்னாரு. இனிமே ஊசி போடற கைதான் ஊட்டும். சாப்பாடு தட்டுல பக்கத்துல வந்தப்பறம்தான் ஊசி. நான் போட்டா நான் ஊட்டறேன். நீ போட்டா நீ. நடுவுல யாரும் கை மாத்தக் கூடாது. மாவு நிக்காது. உன் ஜெனரல் ஷிப்ட்டு வாரத்துல காலையில நான். நீ நைட் முடிச்சு வர்ற வாரத்துல, படுக்கறதுக்கு முன்னாடி ஊசியும் சாப்பாடும் உன் வேல. ஊட்டி முடிச்சுட்டுப் படு. யாரு கேக்கப் போறா?"

"எனக்கு ஊசி போடத் தெரியாதே."

"நானும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கினு பொறக்கல."

மறுநாள் காலை, இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் மருந்தை உறிஞ்சிப் பழகினான். தப்பாக எடுத்தான், அவள் கொட்டச் சொன்னாள். மறுபடி எடுத்தான். காற்றுக் குமிழியைத் தட்டிவிட்டு, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டான். "வலிக்குதாப்பா?" என்றான். "உன் பொண்டாட்டி போட்டா வலிக்காது" என்றார் பழனிவேல். பிள்ளைகள் சிரித்தார்கள். எழில்மதி சிரிக்கவில்லை. ஆனால் அவன் முதல் வாயை ஊட்டி முடிக்கும்வரை கதவருகே நின்று பார்த்தாள். பிறகு பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று அவனுக்கு மத்தியானம் தட்டு வைத்தாள். 'நீங்க' திரும்பி வர இன்னும் பல நாள் ஆயிற்று. வந்தபோதும் முன்னே இருந்த இடத்தில் அது உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தது.

கிரைண்டரைப் பொதுச் சுவரை விட்டு எடுத்து, பின் தாழ்வாரத்தில், பழைய டயர் ரப்பர் மேல் வைத்தாள். "இப்பவும் கேக்கத்தான் செய்யுது" என்றாள் கஸ்தூரியம்மாள். ஆனால் பேசினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கஸ்தூரியம்மாள் கணவரோடு மகள் பிரசவத்துக்குச் சிதம்பரம் போயிருந்தாள். ஒரு பிற்பகல், மழை விட்ட இடைவெளியில் எழில்மதி பின்பக்கம் வந்தபோது, சாக்கடைத் தண்ணீர் அடைபட்டுத் திரும்பிக் கஸ்தூரியம்மாள் முற்றத்தில் தேங்கி நிற்பதைப் பார்த்தாள். இன்னும் ஒரு மழை பெய்தால் சமையலறைக்குள் ஏறிவிடும். அங்கேதான் மகளை இங்கே அழைத்து வந்ததும் பத்தியத்துக்கென்று அவள் சேர்த்து வைத்த சாமான்கள், சுக்கு, பூண்டு, எண்ணெய் எல்லாம் தரையில் அடுக்கி வைத்திருந்தாள் என்பது எழில்மதிக்குத் தெரியும்.

குடியிருப்பே மழைத் தூக்கத்தில் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அறிவுச்செல்வன் மைன்ஸில், பிள்ளைகள் பள்ளியில், மாமனார் போர்வைக்குள் குறட்டை விட்டார்.

எழில்மதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தென்னை மட்டையோடு சாக்கடை ஓரம் குந்தினாள். மட்டைக்கு வரவில்லை. கையை விட்டாள். வேப்பிலைச் சருகு, முடிக் கற்றை, பால் பாக்கெட், அவள் வீட்டுக் கிரைண்டர் கழுவிய மாவுப் பசை எல்லாம் பந்தாகத் திரண்டு அடைத்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவை இழுத்ததும் பொளக்கென்று பிய்ந்து வந்தது. தேங்கிய தண்ணீர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சலசலவென்று இறங்கி ஓடியது.

எடுத்த குப்பையை ஒரு சாக்கில் போட்டுக் கட்டித் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அந்த முற்றத்தை விளக்குமாறால் தேய்த்துக் கழுவினாள். தன் காலடித் தடம் எங்கும் இல்லையென்று பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தாள். பிறகு கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, உளுந்து ஊறிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.